பொத்தான்கள் இடம் மாறும்போது வெளியீட்டுக் குறிப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: “கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பால் சங்கங்களில் கொள்முதல் பதிவு போடும் ஆண்ட்ராய்டு செயலி எங்களுடையது. அடுத்த பதிப்பில் திரை முழுவதும் மாறுகிறது. கீழே வலது மூலையில் இருந்த ‘சேமி’ பொத்தான், பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் அளவை இடுகிற எஸ்.என்.எஃப். கட்டத்துக்குக் கீழே போகிறது. ‘அச்சிடு’ மூன்று புள்ளிக்குள் போகிறது. மூன்று புள்ளிக்குள் இருந்த ‘பட்டுவாடா’ கீழ்ப் பட்டையின் வலது ஓரத்துக்கு வருகிறது. வெளியீட்டுக் குறிப்பை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சங்கச் செயலாளர்களுக்குப் புரியும்படி எப்படி எழுதுவது? பிளே ஸ்டோரில் போட்டால் போதுமா?”

நீங்கள் எழுதியிருப்பதிலேயே குறிப்பின் மிக முக்கியமான வரி மறைந்திருக்கிறது. ஒவ்வொரு பொத்தானும் எங்கே போனது என்று சொல்லியிருக்கிறீர்கள். அது விட்டுச்சென்ற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. ‘சேமி’ இருந்த அதே வலது மூலைக்கு ‘பட்டுவாடா’ வருகிறது. ஒரு செயலாளர் காலையில் பால் ஊற்ற வரும் நூறு பேருக்குப் பதிவு போடுகிறார் என்றால், அந்த மூலையை அவர் நூறு முறை தொடுகிறார். மாலையில் மீண்டும் நூறு முறை. ஆண்டுக்கணக்கில் இப்படித் தொட்டுப் பழகிய விரல், கண் படிக்கும் முன்பே அங்கே போய்விடும். ஆகவே உங்கள் குறிப்பு முதலில் எதிர்கொள்ள வேண்டிய ஆபத்து, தேடுகிற பொத்தான் கிடைக்காமல் போவது அன்று. தேடாமலே வேறொரு பொத்தானை அழுத்திவிடுவதுதான். பொத்தான் கிடைக்காதவர் நின்றுவிடுவார், யாரையாவது கேட்பார். தவறானதை அழுத்தியவருக்குத் தாம் தவறியதே தெரியாது.

நான் தருமபுரியில் இருந்துகொண்டு பதினான்கு ஆண்டுகளாகப் பயனர் கையேடுகளும் வெளியீட்டுக் குறிப்புகளும் எழுதி வருகிறேன். இந்தப் பாடத்தை என் சொந்தக் குறிப்பு ஒன்று தவறியதில்தான் கற்றேன். அப்போது நான் குறிப்பு எழுதிக்கொடுத்த ஒரு பால் கொள்முதல் செயலியிலும் இப்படித்தான் திரை மாறியது. பழைய ‘சேமி’ இருந்த இடத்துக்கு ‘வேளை முடி’ என்ற பொத்தான் வந்தது. காலைப் பதிவு முடிந்தபின் கணக்கை மூடி, மாலைக் கணக்கைத் திறக்கிற பொத்தான் அது. முன்பு அது அறிக்கைப் பக்கத்தின் அடியில் இருந்தது. பலர் அதை அழுத்த மறந்ததால் முதல் திரைக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானதுதான். நான் குறிப்பின் நான்காவது வரியில், “வேளையை முடிக்கும் வசதி இனி முதல் திரையிலேயே உள்ளது” என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் படிப்பவருக்கு அது ஒரு நல்ல செய்தியாக மட்டுமே தோன்றியது, எச்சரிக்கையாகத் தோன்றவில்லை.

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு சங்கத்தில், பதிப்பு மாறிய மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். செயலாளர் முதல் உறுப்பினரின் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். எல்லாம் இட்டுவிட்டு, வழக்கமான மூலையைத் தொட்டார். “காலை வேளையை முடிக்கவா?” என்று பெட்டி கேட்டது, அவர் “ஆம்” என்றார். படித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று நாம் கேட்கலாம். ஆனால் பழைய பதிப்பில் ‘சேமி’யைத் தொட்டாலும் “சேமிக்கவா?” என்று ஒரு பெட்டி வரும், அதற்கும் “ஆம்” என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு தொடுதலும் சேர்ந்தே அவர் விரலுக்கு ஒரே பழக்கமாக இருந்தது. சேமிக்காத முதல் பதிவு அழிந்தது. சீட்டு வராததைக் கண்டு அதே பதிவை மீண்டும் இட்டார், இந்த முறை சரியான ‘சேமி’யைத் தேடிக் கண்டுபிடித்தார், சீட்டும் வந்தது. அதன்பின் வரிசையில் நின்ற அத்தனை பேரின் பதிவும் மாலைக் கணக்கில் ஏறியது. சீட்டின் மேல் வரியில் “மாலை” என்றுதான் அச்சாகியிருந்தது. லிட்டரையும் தொகையையும் பார்க்கிற கண்கள் அந்த வரியைப் பார்க்கவில்லை. வண்டி வந்து கேன்களை ஏற்றும்போதுதான் தெரிந்தது: முன்னால் ஏழு கேன் பால் நிற்கிறது, அறிக்கையில் காலைக் கணக்கு சுழியம். எங்களுக்குத் தொலைபேசி வந்தபோது அந்தச் செயலாளர் சொன்ன முதல் சொல், “சேவ் பட்டன் வேலை செய்யலைங்க” என்பது. அவரைப் பொறுத்தவரை அவர் தொட்டது ‘சேமி’தான்.

அந்தக் குறிப்பை மறுநாள் மாற்றி எழுதினேன். முதல் வரியே இப்படி இருந்தது: “கவனிக்கவும். ‘சேமி’ இருந்த இடத்தில் இப்போது ‘வேளை முடி’ உள்ளது. பால் ஊற்றி முடியும் வரை அதைத் தொட வேண்டாம்.” அடுத்து, ‘சேமி’ எங்கே இருக்கிறது என்பது. அதற்கடுத்து, தவறித் தொட்டிருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது, அதாவது சீட்டின் மேல் வரியில் வேளை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியாக, மாறிப்போன பதிவுகளைச் சரியான வேளைக்கு எப்படி நகர்த்துவது என்பது. புதிய வசதியைப் பற்றிய பெருமை அந்தக் குறிப்பில் எங்கும் இல்லை.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு, ஒரு மாற்றத்துக்கு நான்கு தகவல்களை இந்த வரிசையில் சொல்வது: என்ன வேலைக்காக அந்தப் பொத்தான், அது எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, பழைய இடத்தில் இப்போது என்ன இருக்கிறது. பழைய இடத்தை ஏன் புதிய இடத்துக்கு முன்பாகச் சொல்ல வேண்டும் என்றால், படிப்பவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். “கீழ்ப் பட்டையில் புதிய பட்டுவாடா தாவல்” என்று தொடங்கினால், தம்முடைய பழைய பொத்தானைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. “மேலே மூன்று புள்ளிக்குள் இருந்த பட்டுவாடா” என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே அவருக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2007-இல் ஆபீஸ் மென்பொருளின் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பன் எனப்படும் பட்டையைக் கொண்டுவந்தபோது, வேர்டு 2003-இன் பழைய திரையையே படமாகக் காட்டும் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் பழைய மெனுவில் ஒரு கட்டளையைச் சொடுக்கினால், 2007-இல் அது எங்கே இருக்கிறது என்று காட்டும். அந்த மாற்றத்தைப் பலர் கடுமையாகக் குறைகூறினார்கள் என்றாலும், பழைய இடத்திலிருந்து தேட வைத்த அந்த வழிகாட்டியின் அமைப்பு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்கள் செயலிக்கு அதே ஒழுங்கில் எழுதினால் முதல் பத்தி ஏறத்தாழ இப்படி வரும்: “பால் பதிவைச் சேமிக்க: கீழே வலது மூலையில் இருந்த ‘சேமி’, இப்போது எஸ்.என்.எஃப். கட்டத்துக்கு நேர் கீழே உள்ளது. பழைய இடத்தில் இப்போது ‘பட்டுவாடா’ உள்ளது. தவறி அதைத் தொட்டுவிட்டால், பின்செல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். நீங்கள் இட்ட எண்கள் அப்படியே இருக்கும்.” இந்தக் கடைசி வாக்கியத்தை, அது உண்மைதானா என்று நீங்களே ஒரு தொலைபேசியில் செய்து பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். பாதி நிரப்பிய பதிவோடு பட்டுவாடாப் பக்கத்துக்குப் போய்த் திரும்பினால், செயலி அந்த எண்களை வைத்திருக்கவும் கூடும், வெற்றுக் கட்டங்களைக் காட்டவும் கூடும். அது நிரலை எழுதியவர் என்ன செய்து வைத்தார் என்பதைப் பொறுத்தது. எண்கள் அழிகின்றன என்று தெரிந்தால், அதைக் குறிப்பில் எழுதிச் சமாளிக்க முயலாதீர்கள். நேரே நிரலாளரிடம் போய்ச் சொல்லுங்கள். வெளியீட்டுக் குறிப்பு எழுதுகிறவரின் வேலையில் இதுவும் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்க்கிற ஆள் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். எந்த எச்சரிக்கை வரியும் ஒரு மோசமான இடத்தேர்வை ஈடுசெய்யாது. வலது ஓரத்துக்குப் ‘பட்டுவாடா’வுக்குப் பதிலாக ‘அறிக்கை’ வந்தால், தவறித் தொட்டாலும் கேடில்லை. இப்போதே கேட்டுப் பாருங்கள்.

‘அச்சிடு’வைப் பற்றியும் ஒரு சொல். மூன்று புள்ளிக்குள் போகிறது என்றால் ஒரு தொடுதலில் நடந்தது இனி இரண்டு தொடுதலாகிறது. சேமித்தவுடன் சீட்டு தானாக வருகிறது, ‘அச்சிடு’ மறுபடி ஒரு சீட்டு வேண்டும்போது மட்டும்தான் என்றால், அந்தக் காரணத்தைக் குறிப்பில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், படிப்பவர் ஏற்றுக்கொள்வார். அப்படி இல்லாமல், ஒவ்வொரு உறுப்பினருக்கும் இரண்டு முறை தொட வேண்டியிருக்கிறது என்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். “உங்கள் அனுபவத்தை மேம்படுத்த வடிவமைப்பைப் புதுப்பித்துள்ளோம்” என்ற வாக்கியம் இந்த இடத்தில் எந்தத் தகவலையும் தருவதில்லை, அத்துடன் தம் வேலை கூடியதை உணர்ந்தவருக்கு அது எரிச்சலையும் தருகிறது.

பெயர்களைப் பொறுத்தவரை இரண்டு விதமான சொற்கள் குறிப்பில் இருக்க வேண்டும். திரையில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். திரையில் ‘சேமி’ என்றிருக்கக் குறிப்பில் ‘சேமிக்கவும்’ என்று எழுதினால் தேடுகிற கண் தடுமாறும். அந்தப் பெயர்களை நினைவிலிருந்து எழுதாமல், செயலியின் `values-ta/strings.xml` கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ செயலியை வைத்திருப்பவர்கள் இருந்தால், அந்த மொழிக் குறிப்பில் அந்த மொழிக் கோப்பின் பெயர்கள்தான் வர வேண்டும். தமிழ்க் குறிப்பை மொழிபெயர்க்கும்போது பொத்தானின் பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடுகிற தவற்றை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். இரண்டாவது, திரையில் பெயரில்லாத அடையாளங்களுக்குச் செயலாளர்கள் சொல்கிற பெயர். நிரலாளர்கள் ‘ஹாம்பர்கர் மெனு’ என்பதைச் சங்கத்தில் ‘மூணு கோடு’ என்கிறார்கள். உங்கள் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளைக் கவனித்தவரிடம் அரை மணிநேரம் உட்கார்ந்தால், குறிப்புக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் கிடைத்துவிடும்.

இனி பிளே ஸ்டோர். அங்கே போடத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு இயங்கும் தொலைபேசியில் இரவோடு இரவாகப் பதிப்பு மாறிவிடும். ‘புதியவை’ என்ற பகுதியைச் செயலாளர் திறந்து பார்த்திருக்கவே மாட்டார். இடமும் குறைவு. ஒரு மொழிக்கு 500 எழுத்துக்குறிகள்தான் அனுமதி, அதிலும் எண்ணிக்கை யூனிகோடு குறிகளுக்கு. ‘பட்டுவாடா’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து; புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணினால் ஒன்பது. ஆகவே நீங்கள் நினைப்பதில் ஏறத்தாழ பாதி அளவுதான் எழுத முடியும். அங்கே ஆபத்தான மாற்றத்தை மட்டும் சொல்லி, முழு விளக்கம் இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும்:

```
<ta-IN>
'சேமி' இடம் மாறியுள்ளது: எஸ்.என்.எஃப். கட்டத்தின் கீழே பாருங்கள்.
பழைய இடத்தில் இப்போது 'பட்டுவாடா' உள்ளது.
'அச்சிடு': மேலே மூன்று புள்ளிக்குள்.
முழு விளக்கம்: செயலியில் மூன்று புள்ளி > 'புதியவை'.
</ta-IN>
```

முழுக் குறிப்பு செயலிக்குள்ளேயே, இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி இருக்க வேண்டும். மலையோரக் கிராமங்களில் சிக்னல் வந்து போகும். காணொளியாகப் போட்டால் அது அங்கே திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பதிப்பு மாறியபின் முதல்முறை திறக்கும்போது ‘சேமி’ பற்றிய அந்த இரண்டு வரிகளை மட்டும் காட்டி, மற்றதை ‘புதியவை’ பக்கத்தில் வையுங்கள். காலை ஐந்தரை மணிக்கு வரிசை நிற்கும்போது ஆறு பக்க விளக்கத்தைக் காட்டினால், எல்லோரும் ‘தவிர்’ என்பதைத்தான் அழுத்துவார்கள். அதில் அவர்கள்மேல் குற்றமில்லை.

இவற்றோடு ஒரு தாளும் வேண்டும் என்பது என் கருத்து. பல சங்கங்களில் குறிப்பை அச்செடுத்து எந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். பழைய திரை இடப்பக்கம், புதிய திரை வலப்பக்கம் என்று வைத்து, மாறிய பொத்தான்களுக்கு 1, 2, 3 என எண்ணிட்டு, அதே எண்களைப் புதிய திரையிலும் இடுங்கள். சிவப்பு வட்டமும் பச்சை வட்டமும் போட்டால் ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். திரையைப் படமெடுக்கும்போது கற்பனை உறுப்பினரைப் பயன்படுத்துங்கள். உண்மையான உறுப்பினரின் பெயரும் தொகையும் ஊர்ச் சுவரில் ஏறக்கூடாது. எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் தொலைபேசியிலும் ஒருமுறை படமெடுத்துப் பாருங்கள். வயதான செயலாளர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் எஸ்.என்.எஃப். கட்டத்துக்குக் கீழே உள்ள ‘சேமி’ திரைக்கு வெளியே போய்விட்டால், “நேர் கீழே உள்ளது” என்ற உங்கள் வரி அவருக்குப் பொய்யாகிவிடும். அப்போது “தெரியாவிட்டால் திரையை மேலே தள்ளுங்கள்” என்று ஒரு சொற்றொடரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வெளியிடும் நாளைக் குறிப்பு எழுதுகிறவர் தீர்மானிக்க முடியாது, ஆனால் சொல்லிப் பார்க்கலாம். பட்டுவாடாக் கணக்கு முடிக்கும் நாளை ஒட்டி வேண்டாம். பிளே ஸ்டோரில் முதலில் பத்து விழுக்காடு பேருக்கு, பின்னர் எல்லோருக்கும் என்று படிப்படியாக விடப்போகிறார்கள் என்றால், பக்கத்துச் சங்கத்துக்குப் பழைய திரையும் இந்தச் சங்கத்துக்குப் புதிய திரையும் சில நாள்கள் இருக்கும். ஒருவருக்கொருவர் கேட்டுக் குழம்பாமல் இருக்க, குறிப்பின் தலையில் பதிப்பு எண்ணையும், அந்த எண்ணைச் செயலியில் எங்கே பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். இன்னொன்றையும் நிறுவனத்தாருக்கு நினைவூட்டுங்கள்: படிப்படியான வெளியீட்டை நடுவில் நிறுத்தினால் புதிதாக யாருக்கும் போகாது, ஆனால் ஏற்கெனவே மாறியவர்களுக்குப் பழைய திரை திரும்பி வராது.

பழைய அமைப்புக்குத் திரும்பும் வசதி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-இல் சஃபாரியின் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியபோது, அதை மீண்டும் மேலே வைத்துக்கொள்ளும் அமைப்பையும் கொடுத்தது. பெரிய நிறுவனத்தால் இரண்டு அமைப்பையும் பேண முடியும். உங்கள் அளவு நிறுவனத்துக்கு அது நல்லதா என்பதில் எனக்கு ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்ல வராது, இரண்டு திரைகளுக்கும் குறிப்பு எழுதி, தொலைபேசியில் “உங்களுக்கு எந்தத் திரை?” என்று கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு சுமைதான். கொடுப்பது என்று முடிவானால், எந்தத் தேதி வரை அது இருக்கும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். வெளியிடும் முன்பு, பர்கூரிலோ காவேரிப்பட்டணத்திலோ உங்களுக்குத் தெரிந்த இரண்டு செயலாளர்களிடம் குறிப்பைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு சோதனைப் பதிப்பில் ஐந்து பதிவு போடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல், அவர் விரல் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். படித்தபிறகும் விரல் பழைய மூலைக்குப் போகத்தான் செய்யும். அது குறிப்பின் தோல்வி அன்று. போன விரல் தொடுமுன் நிற்கிறதா, தொட்டுவிட்டால் அவரே மீண்டு வருகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. இரண்டு பேரைக் கொண்டு எல்லாச் சங்கங்களுக்கும் முடிவு சொல்ல முடியாது, ஆனால் இருவருமே ஒரே வரியில் தடுக்கினால் அந்த வரியை நம்பிக்கையோடு மாற்றலாம். வெளியிட்டபின், முதல் வாரத்தில் வருகிற அழைப்புகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். “சேவ் ஆகலை”, “பணம் பக்கம் தானா திறக்குது” என்று வந்தால் அது பிழை அறிக்கை அன்று, விரல் பழைய இடத்துக்குப் போனதன் அடையாளம். அந்தச் சொற்களையே தலைப்பாக்கி, ‘புதியவை’ பக்கத்தில் குறிப்பைத் திருத்திப் போடுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் செயலியைத் திறக்கிற சங்கத் தலைவர்களும் உண்டு. நாள்தோறும் பதிவு போடுகிறவர் இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிற பழைய மூலை, அவர்களுக்கு மூன்று மாதத்துக்குப் பின்னும் பழைய மூலையாகவே இருக்கும். அதனால் பழைய இடத்தைச் சொல்லும் வரிகளை அடுத்த பதிப்பிலேயே நீக்கிவிடாமல், குறைந்தது இரண்டு மூன்று பதிப்புகளுக்கு அப்படியே விட்டுவையுங்கள்.